184 கட் ஆஃபுடன் கிண்டிக்குப் போகலாமா?

கேள்வி: சார், நான் தென்காசிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தேன். பொறியியல் கட் ஆஃப் 200-க்கு 184. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்னணு, தொடர்பியல் பிரிவான இசிஇ கிடைக்கலாம் என்று எங்கள் கணக்கு ஆசிரியை சொல்கிறார். சித்தப்பா வேண்டாம் என்கிறார். "அங்கே எல்லாரும் 198, 199 எடுத்தவர்கள், நீ அரியர் வைத்துவிட்டு அழுதுகொண்டு வருவாய், பக்கத்துத் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் முதல் மாணவியாக வரலாம்" என்கிறார். இன்னொன்று, என் தோழி தனியார் பள்ளியில் படித்து 196.5 எடுத்திருக்கிறாள், நாங்கள் இருவரும் பிசி. அவளுக்கு அந்த இடம் கிடைக்காது போலிருக்கிறது. அவள் இடத்தை நான் பிடுங்கிக்கொள்கிறேனா? அடுத்த வாரம் கலந்தாய்வுக்குச் சாய்ஸ் நிரப்ப வேண்டும்.

பதில்:

கிண்டியை மேலே போடும்மா. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இசிஇ-யைத்தான் முதலில் போட வேண்டுமா என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். உன் சித்தப்பா சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. இட ஒதுக்கீட்டை ஆராய்கிறவர்கள் பல வருடங்களாக மோதிக்கொள்கிற கேள்வியே அதுதான்: தகுதிக்கு மீறிய இடத்தில் உட்கார வைத்தால் அந்தப் பிள்ளைக்கு நல்லதா, கெடுதலா? அவர் அதை வீட்டு பாஷையில் கேட்கிறார், அவ்வளவுதான். பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையிலும், இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கிறவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தோழி விஷயம். அது உறுத்திக்கொண்டே இருந்தால் மற்றது எதுவும் மனதில் நிற்காது.

120 இடங்கள் உள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். அதில் 7.5 சதவீதம் என்றால் 9 இடம். இந்த ஒன்பதும் தனியாக ஒரு மூலையில் இல்லை, ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் பிரிந்து கிடக்கின்றன. பொதுப் போட்டிக்கான 31 சதவீதத்துக்குள் கொஞ்சம், பிசி-யின் 26.5 சதவீதத்துக்குள் கொஞ்சம், எம்பிசி-யின் 20 சதவீதத்துக்குள் கொஞ்சம், இப்படியே எஸ்சி, எஸ்டி வரை. ஆக, பிசி பங்கில் அரசுப் பள்ளிக்கென்று வருவது இரண்டு இடம், மிஞ்சிப்போனால் மூன்று. இப்போது 7.5 சதவீதமே இல்லை என்று வைத்துக்கொள். அந்த இரண்டு மூன்று இடமும் பிசி வரிசையில் கடைசியாக இடம் கிடைத்தவருக்கு அடுத்து நிற்கும் இரண்டு மூன்று பேருக்குப் போகும். 196.5-க்கும் 197-க்கும் நடுவில் எத்தனை பேர் நிற்பார்கள் தெரியுமா? கட் ஆஃப் உச்சியில் அரை மதிப்பெண்ணுக்குள் மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். அவர்களில் ஒரு நாற்பது பேர் இதே கல்லூரியின் இதே பிரிவைக் கேட்டிருந்தால், நாற்பது வீட்டிலும் "7.5 இல்லாமல் இருந்தால் நமக்குக் கிடைத்திருக்கும்" என்று பேசுவார்கள், அதில் மூன்று வீட்டில் பேசுவதுதான் உண்மை. உன் தோழி அந்த மூன்றில் ஒருத்தியாக இருக்கலாம், ஆனால் அந்த நாற்பதில் மற்ற முப்பத்தேழில் ஒருத்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, அந்த மூன்று பேர் நிஜமாகவே இழக்கிறார்களே, அது நியாயமா? இழக்கிறார்கள், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மறைக்கிற வாதங்களால்தான் இட ஒதுக்கீட்டுக்கே கெட்ட பெயர் வருகிறது. இடங்கள் எண்ணப்பட்டவை, ஒருவரை உள்ளே எடுத்தால் இன்னொருவர் வெளியே நிற்பார், எந்த விதியைப் போட்டாலும் அதுதான் நடக்கும். நியாயம் என்பது விதியின் அடிப்படை சரியா என்பதில் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே உன்னைப் போன்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் கிண்டிக்குள் போனார்கள் என்று பார். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவர்களில் லட்சக்கணக்கானோர் அரசுப் பள்ளியில்தான் இருக்கிறார்கள். 2021-இல் பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் இந்த ஒதுக்கீட்டை நீட்டிக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் வைத்தபோது அரசு சொன்ன கணக்குப்படி, அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 1 சதவீதம்கூட இல்லை. நீதிபதி முருகேசன் தலைமையிலான குழு இதைப் பார்த்துவிட்டுத்தான் பரிந்துரை செய்தது. அதற்கு முந்தைய வருடம் மருத்துவப் படிப்புக்காக அமைத்த நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் கொடுக்கச் சொன்னது, அமைச்சரவை அதை 7.5 ஆக்கியது. மருத்துவச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்றது, ஐந்து வருடத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பாதி எனக்குப் பிடிக்கும். அரசுப் பள்ளி மேம்பட்டால் இந்த ஒதுக்கீடு தேவைப்படாமல் போக வேண்டும், நிரந்தரமாக வைத்துக்கொண்டு பள்ளியை மறந்துவிடக் கூடாது.

விதியில் ஓட்டையும் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் உன்னைப் போலவே தமிழ் வழியில் படித்து, கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு இது கிடையாது. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் வருமான வரம்பு எதுவும் கேட்பதில்லை, வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு. எளிதாகச் சரிபார்க்கக் கூடிய ஒரு அடையாளத்தை வைத்து விதி போட்டால் ஓரத்தில் இப்படிச் சிலர் தவறாக உள்ளே வருவார்கள், சிலர் தவறாக வெளியே நிற்பார்கள். இது திருத்த வேண்டிய குறை. நீ உன் இடத்தை விட்டுக்கொடுப்பதால் இது திருந்தாது.

உனக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நீ போகப்போகிற இடத்தைப் பற்றியது. 1951-இல் உச்ச நீதிமன்றம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்தது. சண்பகம் துரைராஜன் வழக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். அதோடு சேர்ந்து விசாரித்த இன்னொரு மனு, சீனிவாசன் என்பவருடையது. அவர் கேட்டது கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம். அன்றைக்கு மாகாணம் முழுக்க நான்கு அரசுப் பொறியியல் கல்லூரி, மொத்தம் 395 இடம், அதைப் பதினான்கு பதினான்காகப் பிரித்து ஒவ்வொரு வகுப்புக்கும் இத்தனை என்று கொடுத்தார்கள். தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15-ஆவது பிரிவில் நான்காவது உட்பிரிவைச் சேர்த்தது. கிண்டியின் வாசலில் யார் நுழைவது என்ற வாதம் உன்னோடு தொடங்கவில்லை. அதை மொத்தமாக உன் தலையில் சுமந்துகொண்டு நடக்காதே.

அடுத்தது தகுதி. 184-ம் 196.5-ம் பன்னிரண்டரை மதிப்பெண் வித்தியாசம். இது ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று சுருக்கிச் சேர்க்கும் இந்தக் கணக்கில், கணக்குப் பாடத்தில் நீ எட்டு மதிப்பெண் விட்டிருந்தால் அது எட்டாகவே குறையும். சில கணக்குகளை நேரத்துக்குள் முடிக்கவில்லை, சில இடத்தில் தடுமாறியிருக்கிறாய் என்று அதற்கு அர்த்தம். கல்லூரியிலும் நேரம் வைத்துத்தான் தேர்வு எழுத வேண்டும்.

ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று பார். மாநிலப் பாடத்திட்டத்தின் பொதுத்தேர்வு பெரும்பாலும் புத்தகத்தை ஒட்டி வருவது. 184-ஐ 196 ஆக்குவது புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்வதைவிட, திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துத் தவறைக் குறைப்பதுதான். வாரம் மூன்று தேர்வு வைத்து, விடைத்தாளை அன்றைக்கே திருத்திக் கொடுக்கிற பள்ளியில் அது நடக்கும். முதுகலைக் கணக்கு ஆசிரியர் இடம் அரை வருடம் காலியாகக் கிடந்த பள்ளியில் நடக்காது. பல தனியார் பள்ளிகளில் பதினொன்றாவது பாடத்தை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு, முதல் வருடத்திலிருந்தே பன்னிரண்டாவது பாடத்தை நடத்துவது ஊரறிந்த வழக்கம். அதைத் தடுக்கத்தான் 2018-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, 2025-26 கல்வியாண்டிலிருந்து அது இல்லை. அந்த மதிப்பெண்ணைக் கட் ஆஃபில் சேர்க்கவில்லை என்பதால் வழக்கம் முழுதாகப் போகவில்லை. வகையிடல், தொகையிடல் இரண்டுக்கும் அடித்தளம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. பிளஸ் ஒன் பாடத்தை நேர்மையாகப் படித்த பிள்ளைக்கு முதலாண்டு கணக்கில் ஒரு பிடிமானம் இருப்பதையும், 199 எடுத்துவிட்டு லிமிட் என்றால் என்ன என்று விழிக்கிற பிள்ளைகளையும் நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். எல்லா 199-ம் அப்படி இல்லை, பெரும்பாலானவர்கள் உன்னைவிட வேகமாகத்தான் இருப்பார்கள். அவர்கள் முன்னே இருப்பதில் எவ்வளவு பயிற்சி, எவ்வளவு திறமை என்பதை அந்த எண் பிரித்துக் காட்டாது என்பதைத்தான் சொல்கிறேன்.

தகுதிப் பட்டியலே விதியைப் பொறுத்து மாறுகிறது என்பதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது, பிளஸ் டூ மதிப்பெண்ணோடு அதையும் சேர்த்து ரேங்க் போட்டார்கள். 2006-இல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டு பிளஸ் டூ மட்டும் போதும் என்றார்கள். அந்த இரண்டு முறையிலும் ஒரே பிள்ளைக்கு வேறு வேறு ரேங்க் வந்திருக்கும். இரண்டு பட்டியலையும் தகுதிப் பட்டியல் என்றுதான் அழைத்தோம்.

இனி சித்தப்பாவின் கேள்வி. போனால் தாக்குப்பிடிப்பாயா?

7.5 சதவீதத்தில் பொறியியல் சேர்ந்த முதல் அணி 2021-இல் உள்ளே போய் 2025-இல்தான் வெளியே வந்தது. அவர்கள் வேலையில் நிலைத்து, பத்து வருடம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க இன்னும் காலம் ஆகும். ஆகவே மற்ற இடங்களின் ஆதாரத்தை வைத்துத்தான் பேச வேண்டும், அவை உன் நிலைமையோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் செய்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப்படுவது பாக்டே, எப்பிள், டெய்லர் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் 2016-இல் வெளியிட்டது. ஒரு மாநிலத்தின் 200-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில், சாதி வாரியாகவும் பெண்களுக்கும் இருந்த ஒதுக்கீட்டைப் பார்த்தார்கள். ஒதுக்கீடு இருந்ததால் அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவது கூடியது, அதுவும் நல்ல கல்லூரிகளுக்குப் போவது கூடியது. தயாராக இல்லாத இடத்தில் தள்ளிவிட்டதால் படிப்பு கெட்டதா என்று தனியாகத் தேடினார்கள், அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சித்தப்பாவுக்கு இதைச் சொல்லலாம்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உனக்கு முழுதாகச் சொன்னதாக ஆகாது. ரோபிள்ஸ், கிருஷ்ணா என்ற இருவர், நாட்டின் உயர்மட்டப் பொறியியல் கல்வி நிறுவனம் ஒன்றில் 2008-இல் பட்டம் பெற்ற அணியை எடுத்து, செமஸ்டர் செமஸ்டராக மதிப்பெண்ணைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒதுக்கீட்டில் வந்தவர்கள், அவர்களால் இடம் இழந்தவர்களைவிடச் சராசரியாக ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் என்பது தெரிந்தது, அதாவது விதி சேர வேண்டியவர்களுக்குச் சேர்ந்தது. ஆனால் போட்டி அதிகமுள்ள பிரிவுகளில் சேர்ந்தவர்கள், வருடம் போகப்போக அதே பிரிவின் மற்ற மாணவர்களை எட்டிப்பிடிப்பதற்குப் பதிலாக இன்னும் பின்னுக்குப் போனார்கள். அவர்கள் அதே கல்லூரியில் அவ்வளவு போட்டியில்லாத பிரிவில் சேர்ந்திருந்தால் இதைவிட அதிகம் சம்பாதித்திருப்பார்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. ஒரே ஒரு நிறுவனம், ஒரே ஒரு அணி, அதனால் இதைக் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒதுக்கி வைக்க முடியாது, ஏனென்றால் நீ போகிற இடமும் உயரமான இடம்தான், நீ நினைக்கிற பிரிவும் போட்டியுள்ள பிரிவுதான்.

இந்த இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பது போலத் தெரிந்தாலும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது சராசரிக் கல்லூரிகளையும் சேர்த்துப் பார்த்தது, இரண்டாவது உச்சியிலுள்ள கடினமான பிரிவுகளை மட்டும் உற்றுப் பார்த்தது. வகுப்பறையில் நான் கண்டதும் இதோடு பொருந்துகிறது. இசிஇ போன்ற பிரிவில் பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. முதலாண்டுக் கணக்கில் தொகையிடலும் கலப்பெண்ணும் கைவராவிட்டால், இரண்டாம் ஆண்டில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வரும்போது ஃபூரியர், லாப்லாஸ் எல்லாம் வெறும் குறியீடாகத் தெரியும், அது புரியாவிட்டால் அடுத்து வரும் டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்கும் கம்யூனிகேஷனும் மனப்பாடமாகிவிடும். ஒரு அரியர் அடுத்த பாடத்தின் நேரத்தைத் தின்னும். பின்னுக்குப் போவது இப்படித்தான் நடக்கிறது, இது அறிவுக் குறைவால் வருவதில்லை, வரிசைக்கிரமமான பாடத்தில் முதல் படி ஆடினால் வருவது.

இதனால் கல்லூரியை விடச் சொல்லவில்லை, கவனி. அந்த ஆய்வே கல்லூரியை மாற்றச் சொல்லவில்லை, பிரிவைப் பற்றித்தான் பேசுகிறது. கல்லூரியின் தரத்தைப் பற்றி உனக்கு இன்னும் நெருக்கமான ஒரு சான்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே நிறத்தைப் பார்த்து இடம் கொடுக்கக் கூடாது என்று 1996-இல் ஒரு தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி, அதில் முதல் 10 சதவீதத்தில் வருகிறவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. நம் 7.5 போல இதுவும் பள்ளியை வைத்த விதி. அதுவரை தலைசிறந்த வளாகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத பள்ளிகளிலிருந்து திடீரென்று பிள்ளைகள் போனார்கள், அனுப்பிப் பழகிய வசதியான பள்ளிகளில் நடுத்தரமாக இருந்தவர்கள் இடம் இழந்தார்கள். பிளாக், டென்னிங், ராத்ஸ்டீன் மூவரும் இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகப் பல வருடம் தொடர்ந்தார்கள். புதிதாக உள்ளே வந்தவர்கள் பட்டம் முடிப்பது கூடியது, வருமானம் கூடியதற்கும் சில அறிகுறிகள் தென்பட்டன. வெளியே தள்ளப்பட்டவர்கள் கொஞ்சம் குறைந்த கல்லூரிக்குப் போனார்கள், ஆனால் அவர்கள் பட்டம் முடிப்பதும் குறையவில்லை, வருமானமும் குறையவில்லை. வீட்டில் படித்தவர்கள், பணம், தொடர்பு என்று வேறு தாங்கல்கள் அவர்களுக்கு இருந்தன என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உன் தோழியைப் பற்றியும் இதை யோசித்துப் பார், அவள் குரோம்பேட்டை எம்ஐடிக்கோ கோவைக்கோ போவாள், நன்றாகவே இருப்பாள்.

இதற்கு எதிரான ஆதாரமும் உண்டு, அதையும் வைக்கிறேன். பெர்ட்ராண்ட், ஹன்னா, முல்லைநாதன் 2010-இல் வெளியிட்ட ஆய்வு 1990-களின் நடுவில் ஒரு இந்திய மாநிலத்தில் பொறியியலுக்கு விண்ணப்பித்தவர்களைப் பிற்காலத்தில் தேடிப்போய்ப் பார்த்தது. நுழைவுத் தேர்வில் குறைவாக எடுத்து ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு வருமானம் கூடியது உண்மை, அவர்களால் இடம் இழந்தவர்களைவிட அவர்கள் ஏழைகள் என்பதும் உண்மை. ஆனால் இடம் இழந்தவர்களுடைய வருமான இழப்பு, கிடைத்தவர்களின் லாபத்தைவிடப் பெரியது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். சாதியை மட்டும் வைத்து ஒதுக்கியதால் மொத்தத்தில் பெண்களின் எண்ணிக்கை குறைந்ததையும் சுட்டிக்காட்டினார்கள். டெக்சாஸோடு இது முட்டுகிறது. அந்தக் காலத்தில் பொறியியல் இடங்கள் கொஞ்சம்தான், தவறவிட்டால் பொறியியலே இல்லை என்ற நிலை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேல் பொறியியல் கல்லூரி, ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கில் இடம் காலியாகக் கிடக்கிறது. இங்கே இழப்பு என்பது பொறியியலை இழப்பது இல்லை, முதல் விருப்பத்தை இழப்பது. அதனால் உன் விஷயத்தில் டெக்சாஸ் கணக்குதான் அதிகம் பொருந்தும் என்பது என் முடிவு.

பக்கத்துக் கல்லூரியில் முதல் மாணவியாக வரலாம் என்பதில் சித்தப்பா ஒன்றை விட்டுவிட்டார். கம்பெனிகள் எந்த வளாகத்துக்கு வருகின்றன, ஆய்வகத்தில் கருவி வேலை செய்கிறதா, கூடப் படிப்பவர் மாலையில் என்ன பேசுகிறார், மேற்படிப்புக்கு யார் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார் என்பதெல்லாம் மதிப்பெண் பட்டியலில் வராது. பணத்தைப் பொறுத்தவரை 7.5-இல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது, அதனால் சென்னை என்பதால் செலவு தாங்காது என்ற காரணம் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று மட்டும் சரியாக இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் இப்போதே பார்த்துக்கொள், இடையில் பள்ளி மாறியிருந்தால் முந்தைய பள்ளியின் சான்றும் வேண்டும்.

இப்போது சாய்ஸ். உனக்கு இசிஇ ஏன் பிடித்தது? சர்க்யூட் கட்டிப் பார்க்க ஆசை, இயற்பியலில் மின்னணுவியல் பாடம்தான் ரசித்துப் படித்தேன் என்றால் தைரியமாக அதையே முதலில் போடு, ஆய்வு சொல்வது சராசரியைப் பற்றி, ஆசையோடு உட்கார்ந்து படிக்கிற ஒருத்தியை அது கட்டுப்படுத்தாது. "184-க்கு இதெல்லாம் கிடைக்கும், கிடைக்கிறதில் பெரியது இது" என்று யாரோ சொன்னதால் மட்டும் போடுகிறாய் என்றால் நிறுத்து. கிண்டியிலேயே எலெக்ட்ரிகல் இருக்கிறது, சிவில் இருக்கிறது, மெக்கானிக்கல் இருக்கிறது, இன்னும் போட்டி குறைந்த நல்ல பிரிவுகளும் இருக்கின்றன. அந்தப் பிரிவுகளில் ஒன்று உனக்கு நிஜமாகவே பிடித்திருந்தால் அதை இசிஇ-க்கு மேலே போடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

வரிசை போடும்போது பிள்ளைகள் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. "இது நிச்சயம் கிடைக்கும்" என்று ஒரு சாதாரணக் கல்லூரியை மேலே போட்டுவிட்டு, ஆசைப்பட்டதைக் கீழே போடுவார்கள். கம்ப்யூட்டர் உன் ரேங்க் வரும்போது உன் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும், இடம் இருக்கிற முதல் சாய்ஸைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மேலே ஆசைப்பட்டதைப் போட்டு அது கிடைக்காவிட்டால் கீழே உள்ளது போய்விடாது. ஆகவே கிடைக்குமா என்று யோசிக்காமல், இரண்டும் கிடைத்தால் எதை எடுப்பேன் என்று மட்டும் கேட்டு வரிசை போடு. பட்டியலை லாக் செய்த பிறகு மாற்ற முடியாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிடாமல் நீயே பார்த்துச் செய், பாஸ்வேர்டும் உன்னிடமே இருக்கட்டும்.

கல்லூரி திறக்கும்வரை உனக்குச் சில வாரம் இருக்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நீ தமிழில் போட்ட அதே கணக்குகளை ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மறுபடி போடு. உனக்கு விடை தெரியும் என்பதால் மொழி மட்டும்தான் புதிதாக இருக்கும், முதல் மாதம் வகுப்பில் திணறுவது பாதி குறைந்துவிடும். எல்லாப் பாடமும் வேண்டாம், வகையிடல், தொகையிடல், அணிகள், கலப்பெண்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள், இந்த ஐந்து போதும். இசிஇ, எலெக்ட்ரிகல் இரண்டுக்கும் இதுதான் அடிப்படை. புரோகிராமிங் முதலாண்டிலேயே வரும், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் தொடக்கத்திலிருந்து நடத்துவார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம்.

தாக்குப்பிடிக்கிறாயா என்பதைச் செமஸ்டர் முடிவு வரை காத்திருந்து தெரிந்துகொள்ளாதே. முதல் இன்டர்னல் தேர்வின் கணக்கு விடைத்தாளை வாங்கிப் பார். நேரம் போதாமல் விட்டிருந்தால் அது பயிற்சியில் சரியாகும். கேள்வி புரியாமல் விட்டிருந்தால் மொழி, அதுவும் சரியாகும். புரிந்து, நேரம் இருந்து, எப்படித் தொடங்குவது என்றே தெரியாமல் விட்டிருந்தால் அடித்தளத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அந்த வாரமே விடைத்தாளை எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியரின் அறைக்குப் போ, "இந்த இடம் எனக்குப் பள்ளியிலிருந்தே தெரியாது" என்று நேராகச் சொல். ஒதுக்கீட்டில் வந்தவள் என்று நினைப்பாரோ என்று தயங்கித் தயங்கி இரண்டாம் செமஸ்டர் வரை தள்ளிப்போட்ட பிள்ளைகள்தான் அரியரில் மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சீனியர்களில் 7.5-இல் வந்தவர்கள் இருப்பார்கள், விடுதிக்குப் போன முதல் வாரத்திலேயே அவர்களைத் தேடிப் பிடி, எந்தப் பாடத்துக்கு எந்த நோட்ஸ், எந்த ஆசிரியர் சந்தேகம் கேட்டால் பொறுமையாகச் சொல்வார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தோழியிடமும் பேசு. அவளுக்கு எத்தனை கல்லூரி, எந்தப் பிரிவு வரும் என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து போன வருட கட் ஆஃப் பட்டியலைப் பாருங்கள். அவளுடைய சாய்ஸ் வரிசையையும் மேலே சொன்ன முறையிலேயே போடச் சொல்.